பாதையில் இல்லாததை அறிதல்: வழி-இலக்குக் கோட்பாடும் அகமதாபாத் தறிக்கூடமும்

1952ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் அகமதாபாத்தின் காலிகோ ஆலைக் குழுமத்தைச் சேர்ந்த ஜூபிலி ஆலையில் தானியங்கித் தறிகள் நிறுவப்பட்டன. ஒரு கூடத்தில் 224 தறிகள் இயங்கின. யாருக்கு எத்தனை தறிகள் என்பதை வேலை அளவீட்டுப் பொறியாளர்கள் கணக்கிட்டு வகுத்திருந்தனர். இயந்திரங்கள் புதியவை, தொழிலாளர்கள் பயிற்சி பெற்றவர்கள், மேற்பார்வையும் நெருக்கமானது. ஆயினும் எதிர்பார்த்த உற்பத்தி கிட்டவில்லை. துணியில் பழுதும் குறையவில்லை. அக்கூடத்தின் மேற்பார்வையாளர் அடுத்து என்ன செய்திருக்க வேண்டும்? இன்னும் தெளிவாக ஆணையிட்டிருக்க வேண்டுமா, கனிவு காட்டியிருக்க வேண்டுமா, கலந்து பேசியிருக்க வேண்டுமா, அல்லது உயர்ந்த இலக்கு ஒன்றை வைத்துத் தூண்டியிருக்க வேண்டுமா?

இந்த நான்கு விடைகளையும் ஒரே சட்டகத்துள் கொண்டுவந்த கோட்பாடு அப்போது பிறந்திருக்கவில்லை. மேலாண்மைப் பாடநூல்களில் இன்று நான்கு கட்டங்கள் கொண்ட அட்டவணையாகச் சுருங்கிக் கிடக்கும் வழி-இலக்குக் கோட்பாடு, ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கழித்தே வட அமெரிக்காவில் உருவானது. மாணவர் பலர் அதை, சூழலுக்கேற்ப நான்கு பாணிகளுள் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் விதியாகவே மனப்பாடம் செய்கின்றனர். அதன் வரலாற்றைப் பின்தொடர்ந்தால் வேறொன்று புலப்படும். தலைவரிடம் அக்கோட்பாடு முதலில் கேட்பது பாணியை அன்று. பணியாளரின் பாதையில் எது இல்லை என்பதைக் கண்டறியும் பார்வையையே கேட்கிறது.

ஒரு முரண்பாட்டிலிருந்து

1950களில் ஓஹையோ மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தலைவரின் நடத்தையை இரண்டு அச்சுகளில் அளந்தனர். பணியை வகுத்தல், விதிகளைக் கூறுதல், காலக்கெடு விதித்தல் ஆகியவை ஒன்று. இதைப் பணிக் கட்டமைப்பு எனலாம். பணியாளரின் நலனிலும் உணர்விலும் கருத்துச் செலுத்துதல் மற்றொன்று, இது பரிவு. இரண்டும் மிகுந்தவரே சிறந்த தலைவர் என்ற எளிய முடிவை நோக்கியே பலரும் சாய்ந்தனர்.

தரவுகள் அவ்வாறு அடங்கவில்லை. எட்வின் ஃப்ளைஷ்மனும் எட்வின் ஹாரிஸும் ஒரு சரக்குந்துத் தொழிற்சாலையின் உற்பத்திப் பிரிவுகளில் நடத்தி 1962இல் வெளியிட்ட ஆய்வில், கட்டமைப்பை மிகுதியாகச் செலுத்திய ஃபோர்மேன்களின் கீழ் முறையீடுகள் பெருகியிருந்தன. பரிவு மிக்க ஃபோர்மேன் ஒருவர் கட்டமைப்பைக் கூட்டியபோதோ முறையீடுகள் அவ்வளவாகக் கூடவில்லை. பொறியாளர், அலுவலர் போன்ற உயர்நிலைப் பணியாளரிடையே நடந்த சில ஆய்வுகள் இதற்கு நேர்மாறான விளைவைக் காட்டின: பணியை வகுத்துத் தந்த தலைவரின் கீழ் மனநிறைவு கூடியிருந்தது. ஒரே நடத்தை ஒரிடத்தில் வெறுப்பையும் மற்றோரிடத்தில் நிறைவையும் எப்படித் தோற்றுவிக்கிறது என்பதே கேள்வி.

ராபர்ட் ஹவுஸ் இந்த முரண்பாட்டை அவிழ்க்க முனைந்தார். அவருக்கு முன்பே 1957இல் ஜார்ஜோபூலஸ், மஹோனி, ஜோன்ஸ் ஆகிய மூவரும், உற்பத்தி என்பது தம் இலக்கை அடையும் வழி எனத் தொழிலாளர் கருதினால் மட்டுமே அவர் மிகுதியாக உற்பத்தி செய்வார் எனக் காட்டியிருந்தனர். 1964இல் விக்டர் வ்ரூம் எதிர்பார்ப்புக் கோட்பாட்டை முறைப்படுத்தினார். அதன்படி ஊக்கம் என்பது மூன்று கணிப்புகளின் கூட்டு விளைவு: முயன்றால் வேலை நன்றாக அமையுமா, வேலை நன்றாக அமைந்தால் பயன் கிட்டுமா, அப்பயன் எனக்கு மதிப்புடையதா. 1970இல் மார்ட்டின் எவன்ஸ், மேலாளரின் நடத்தை இக்கணிப்புகளை எவ்வாறு மாற்றுகிறது என்று ஆராய்ந்தார். எவன்ஸின் கட்டுரையே ஹவுஸுக்குத் திறவுகோலாயிற்று. 1971இல் ‘அட்மினிஸ்ட்ரேட்டிவ் சயின்ஸ் குவார்ட்டர்லி’ ஆய்விதழில் அவருடைய கோட்பாடு வெளிவந்தது.

முரண்பாட்டுக்கு அவர் தந்த விடை எளிமையானது. ஆலையில் ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்பவருக்குப் பாதை முன்பே தெளிவாக இருக்கிறது. அங்கே மேலும் ஆணையிடுவது அவருக்கு எதையும் தெரிவிப்பதில்லை. அவரைக் கண்காணிப்பதாக மட்டுமே எஞ்சுகிறது. உயர்நிலைப் பணியாளருக்கோ எது தம் பொறுப்பு, எது அன்று என்பதே மங்கலாக இருக்கக்கூடும். அங்கே பணியை வகுத்துத் தருபவர் குழப்பத்தை நீக்குகிறார். நடத்தை ஒன்றேயாயினும், ஓரிடத்தில் அது மிகை, மற்றோரிடத்தில் தேவை.

நான்கு பாணிகளும் நான்கு குறைகளும்

1974இல் ஹவுஸும் டெரன்ஸ் மிட்செலும் எழுதிய கட்டுரையில்தான் நான்கு பாணிகள் இன்றைய வடிவத்தைப் பெற்றன. அவற்றை நான்கு வகைத் தலைவர்களாகக் கொள்ளாமல், பாதையில் நேரும் நான்கு குறைகளுக்கான ஈடாகக் கொண்டால் பொருள் தெளிவாகும்.

என்ன செய்ய வேண்டும், எந்த வரிசையில் செய்ய வேண்டும் என்பது பணியாளருக்குத் தெரியவில்லை என்றால், இல்லாதது தெளிவு. நெறிப்படுத்தும் பாணி அதை நிரப்புகிறது. செய்யத் தெரியும், ஆனால் வேலையே சலிப்பூட்டுவதாக, களைப்பூட்டுவதாக, இடர் மிக்கதாக இருக்கிறது என்றால், இல்லாதது அவ்வேலையைத் தாங்கிக்கொள்ளும் வலு. ஆதரவுப் பாணி வேலையை மாற்றுவதில்லை. அதைச் செய்பவரின் சுமையைக் குறைக்கிறது. தெளிவு யாரிடமும் முழுமையாக இல்லை, அது பலரிடம் சிதறிக் கிடக்கிறது, முடிவில் தமக்கும் பங்கு வேண்டுமெனப் பணியாளர் கருதுகின்றனர் என்றால் பங்கேற்புப் பாணி பொருந்துகிறது. திறமையும் தெளிவும் இருந்தும், தம்மால் எவ்வளவு முடியும் என்ற நம்பிக்கை தாழ்ந்திருக்கிறது என்றால், அரிய இலக்கை முன்வைத்து அதை எட்ட முடியுமென உறுதிகூறும் சாதனை நோக்குப் பாணி பயன்தருகிறது. ஒரே தலைவர் ஒரே வாரத்தில் இந்நான்கையும் கையாளலாம் என்பது ஹவுஸின் துணிபு. தலைமைப் பாணி மனிதரின் மாறாத இயல்பு என்று கருதிய ஃபிரெட் ஃபீட்லரிடமிருந்து அவர் விலகுமிடம் இதுவே.

பணியாளரின் இயல்பும் கணக்கில் சேர்கிறது. தமக்கு நேர்வதைத் தம் முயற்சியே தீர்மானிக்கிறது என நம்புபவர் பங்கேற்பை விரும்புவார். வெளியாற்றல்களே தீர்மானிக்கின்றன என நம்புபவர் நெறிப்படுத்தலை ஏற்பார். தம் திறமையில் நம்பிக்கை கொண்டவருக்கு விளக்கமான அறிவுறுத்தல் எரிச்சலூட்டும்.

இந்த அட்டவணைக்கு அடியில் எளிதில் மறக்கப்படும் ஒரு கூறு உண்டு. பாதையிலுள்ள தடைகளை அகற்றுவதும் தலைவரின் வேலை என்று ஹவுஸ் எழுதினார். தடை பணியாளரின் மனத்தில் இல்லாமல் வேலை வகுக்கப்பட்ட விதத்திலேயே இருந்தால், நான்கு பாணிகளுள் எதைத் தேர்ந்தாலும் பேச்சு மாறுமே தவிரப் பாதை மாறாது. இதை விளக்க அகமதாபாத்துக்குத் திரும்புவது பொருத்தம்.

தறிக்கூடத்தில் நடந்தது

1953இல் லண்டன் டாவிஸ்டாக் நிறுவனத்தைச் சேர்ந்த ஏ. கே. ரைஸ் காலிகோ ஆலைக்கு ஆலோசகராக வந்தார். தானியங்கித் தறிக்கூடத்தில் அவர் கண்டது இது. 29 பேர் 12 வகைப் பணிகளைச் செய்தனர். நெசவாளர்கள் எட்டுப் பேர்; தறியின் பேட்டரியில் ஊடைநூல் தார்களை அடுக்குவோர் ஐவர்; பாவு இழைகள் கூட்டமாக அறுந்தால் சீர்செய்வோர் மூவர். புதிய பாவு உருளையை ஏற்றுவோர், தறியைப் பழுதுபார்க்கும் ஜாபர்கள், எண்ணெய் இடுபவர், துணி சுமப்பவர், கூட்டுபவர் என ஏனையோர் தொடர்ந்தனர்.

ஒவ்வொரு பணிக்கும் உரிய தறிகளின் எண்ணிக்கை தனித்தனியே கணக்கிடப்பட்டதால் எல்லைகள் ஒன்றோடொன்று பொருந்தவில்லை. ஒரு நெசவாளருக்குச் சராசரியாக 28 தறிகள். தார் அடுக்குபவருக்கு ஏறத்தாழ 45. இழை சீர்செய்பவருக்கு ஏறத்தாழ 75. அதாவது ஒரு நெசவாளரின் பங்குக்கு எட்டில் ஐந்து பங்கு தார் அடுக்குபவரும் எட்டில் மூன்று பங்கு இழை சீர்செய்பவரும் கிடைத்தனர். தறி நின்றால் யாரை அழைப்பது, அழைக்கப்பட்டவர் எந்த நெசவாளரிடம் முதலில் செல்வது என்பதற்கு நிலையான விடை இல்லை. நூலின் தரம் மாறி இழைகள் மிகுதியாக அறுந்தால் ஒவ்வொரு பணியின் சுமையும் வெவ்வேறு அளவில் ஏறியது. வகுத்துவைத்த கணக்கு அன்றே குலைந்தது.

வழி-இலக்குக் கோட்பாட்டின் மொழியில் இதைப் பின்னோக்கி வாசிக்கலாம். நெசவாளருக்குத் தம் வேலை தெரியும். ஆகவே எப்படிச் செய்வது என்னும் தெளிவு இங்குக் குறைவில்லை. முயன்றால் வேலை நன்றாக அமையுமா என்ற முதற் கணிப்பே இங்கு முறிந்திருந்தது. அவர் எவ்வளவு முயன்றாலும், மூன்றாம் வரிசையில் நிற்கும் இழை சீர்செய்பவர் வரும்வரை தறி நின்றே இருக்கும். இந்நிலையில் மேற்பார்வையை நெருக்கமாக்குவது சரக்குந்துத் தொழிற்சாலையில் கண்ட விளைவையே தரும்: தெரிந்ததையே திரும்பக் கேட்கும் கசப்பு. ஆதரவு காட்டினால் கசப்பு குறையலாம், தறி ஓடாது. உயர்ந்த இலக்கு வைத்தால் தம் கையில் இல்லாத ஒன்றுக்குத் தம்மைப் பொறுப்பாக்குவதாகவே நெசவாளர் உணர்வார்.

ரைஸ் முன்வைத்தது வேறொரு திசை. பணிவகையால் பிரிக்கப்பட்டவர்களைத் தறித்தொகுதியால் இணைத்து, ஏழு பேர் கொண்ட சிறு குழுவை ஒரு தொகுதி முழுமைக்கும் பொறுப்பாக்குவது. குழுவுக்குள்ளிருந்தே ஒருவர் அதை வழிநடத்துவது. இக்கருத்து மேற்பார்வையாளரிடமும் தொழிலாளரிடமும் எடுத்துரைக்கப்பட்டதும் எதிர்பாராத ஒன்று நிகழ்ந்தது. தொழிலாளர்களே அதைத் தமதாக்கிக்கொண்டு, யார் யாருடன் சேர்வது என்று தமக்குள் பேசி, மறுநாளே குழுக்களை அமைத்துக்கொண்டு வந்தனர். யார் எவருடன் இணைந்து வேலை செய்ய முடியும் என்ற அறிவு எந்த மேலாளரிடமும் இல்லை. அது தொழிலாளரிடையே சிதறிக் கிடந்தது. பங்கேற்பு இங்குப் பெருந்தன்மையால் வழங்கப்பட்ட சலுகை அன்று. தேவையான செய்தி இருந்த இடம் அதுவே.

மாற்றம் நிலைபெற்றபின் தறிகளின் இயக்கத் திறன் ஏறத்தாழ 80 விழுக்காட்டிலிருந்து 95 விழுக்காட்டுக்கு உயர்ந்தது. பழுதான துணியின் அளவு ஏறத்தாழ 32 விழுக்காட்டிலிருந்து 20ஆகக் குறைந்தது. மேற்பார்வையாளரின் வேலையும் உருமாறியது. தனித்தனி ஆட்களைக் கண்காணிப்பதிலிருந்து விலகி, குழுவுக்கு வேண்டிய நூலும் உதிரிப்பாகமும் காலத்தில் வந்துசேர்வதை உறுதிசெய்வது அவர் கடமையாயிற்று. தடையை அகற்றுதல் என ஹவுஸ் பின்னாளில் எழுதியதன் உருவம் இதுவே.

கதை அங்கே முடியவில்லை. 1970இல் டாவிஸ்டாக்கின் எரிக் மில்லர் அதே ஆலைக்குத் திரும்பிச் சென்றார்; அவருடைய கட்டுரை 1975இல் வெளிவந்தது. ஓரிடத்தில் குழுமுறை ஏறத்தாழ மாறாமலே நீடித்திருந்தது. தானியங்கித் தறிக்கூடத்தில் அது பெரிதும் கரைந்துபோயிருந்தது. சந்தையின் கோரிக்கைகளும் நூலின் தன்மையும் மாறிய காலத்தில் அழுத்தம் கூடியபோது, மேலிருந்தவர்கள் மீண்டும் நேரடிக் கண்காணிப்புக்குத் திரும்பினர். குழுவின் எல்லைகள் அழிந்தன. பாணி தவறியதை அறிய இங்கு ஓர் அடையாளம் கிட்டுகிறது. நெருக்கடி வந்ததும் மேற்பார்வையாளர் குழுவின் வேலைக்குள் நுழைகிறாரா, குழுவுக்கு வெளியேயுள்ள தடையை நோக்கிச் செல்கிறாரா? நுழைகிறார் என்றால், பங்கேற்பு பெயரளவில் மட்டுமே எஞ்சியிருக்கிறது.

வினாத்தாளில் ஒளிந்திருந்த சொற்கள்

கோட்பாடு வெளிவந்தபின் அதைச் சோதித்த ஆய்வுகள் ஒன்றுக்கொன்று முரணான முடிவுகளைத் தந்தன. ஆதரவுப் பாணி பற்றிய கணிப்புகள் ஓரளவு நிலைத்தன; நெறிப்படுத்தும் பாணி பற்றியவை தள்ளாடின. இதன் காரணங்களுள் ஒன்று மொழி சார்ந்தது. 1976இல் ஷ்ரீஷைம், ஹவுஸ், கெர் ஆகிய மூவரும் பணிக் கட்டமைப்பை அளக்கப் பயன்பட்ட வினாத்தாள்களை ஒப்பிட்டனர். எல்லாம் ஒரே பெயரில் வழங்கினாலும் உள்ளடக்கம் ஒன்றாக இல்லை. பழைய வினாத்தாள் ஒன்றில், வேலையை விளக்குதல் பற்றிய கூற்றுகளோடு, கடிந்துரைத்தல், மிகுதியாக உழைக்கும்படி நெருக்குதல் போன்ற தண்டிக்கும் தன்மையுடைய கூற்றுகளும் கலந்திருந்தன. பிந்தைய வடிவத்தில் பொறுப்புகளைத் தெளிவாக்குதல் மேலோங்கியிருந்தது. முதலாவதை நிரப்பிய தொழிலாளரின் மனக்குறை எதனால் வந்தது, வழிகாட்டப்பட்டதாலா, அதட்டப்பட்டதாலா என்று அந்த எண்களைக் கொண்டு பிரித்தறிய இயலாது.

‘எப்படிச் செய்வது என்று சொல்கிறார்’ என்பதும் ‘செய்யச் சொல்லி விரட்டுகிறார்’ என்பதும் வேறு வேறு செயல்கள். இரண்டும் ஏவல் என்ற ஒரே பெட்டியில் விழுந்தபோது கோட்பாடு பிழையா, அளவுகோல் பிழையா என்பது தெரியாமல் போயிற்று. இவ்வினாத்தாள்களை இந்திய மொழிகளில் பெயர்த்துப் பயன்படுத்தும் ஆய்வாளருக்கு இதில் நேரடியான எச்சரிக்கை உண்டு. ‘கட்டளை’ என்ற சொல்லைப் பெய்தால் ஒரு விடையும், ‘விளக்கம்’ என்ற சொல்லைப் பெய்தால் மற்றொரு விடையும் கிட்டும்.

மற்றொரு குறையை ஹவுஸே 1996இல் தம் கோட்பாட்டைத் திருத்தி எழுதியபோது ஒப்புக்கொண்டார். பணியாளர் தம் முயற்சியையும் பயனையும் எப்போதும் கணக்கிட்டுப் பார்க்கிறார் என்ற எடுகோள் மிகையானது. கடுமையான நெருக்கடியிலும் நிச்சயமின்மையிலும் மனிதர் அவ்வாறு எண்ணுவதில்லை. அதற்கு முன்பே 1978இல் கெரும் ஜெர்மியரும் வேறொரு முனையை நீட்டியிருந்தனர். தெளிவான நடைமுறை, தொழிற்பயிற்சி, நெருங்கிய பணிக்குழு ஆகியவை சில இடங்களில் தலைவருக்கே மாற்றாக அமைந்துவிடும் என்றனர். அகமதாபாத்தின் எழுவர் குழு இதற்குப் பொருத்தமான சான்று.

பாட்னாவிலிருந்து ஒரு மறுமொழி

பங்கேற்பே எங்கும் சிறந்தது என்ற மேலைக் கருத்தை இந்தியாவில் கேள்விக்குட்படுத்தியவர் பாட்னாவில் பணியாற்றிய உளவியலாளர் ஜெய் பி. பி. சின்ஹா. 1980இல் வெளிவந்த அவருடைய நூல் பேணிப் பணி வாங்கும் தலைவர் என்னும் கருத்தை முன்வைத்தது. இந்திய அலுவலகங்களில் பணியாளர் பலர் மேலதிகாரியைச் சார்ந்திருக்க விரும்புகின்றனர், தனிப்பட்ட உறவை எதிர்நோக்குகின்றனர், படிநிலையை இயல்பாக ஏற்கின்றனர் என்று அவர் கருதினார். அத்தகையோரிடம் முதல் நாளிலேயே முடிவெடுக்கும் உரிமையை ஒப்படைத்தால் அதை அதிகாரியின் வலுவின்மையாகவே எடுத்துக்கொள்வர். ஆகவே அன்பும் அக்கறையும் காட்டலாம்; ஆனால் அந்த அக்கறை வேலை செய்து முடிப்பதோடு பிணைந்திருக்க வேண்டும். பணியாளர் பட்டறிவும் தன்னம்பிக்கையும் பெறப்பெற, தலைவர் படிப்படியாக வழிகாட்டலைக் குறைத்துப் பங்கேற்புக்கு நகர வேண்டும்.

இதை வழி-இலக்குக் கோட்பாட்டுக்கு எதிரானதாகக் கொள்ள வேண்டியதில்லை. ஹவுஸின் நான்கு பாணிகள் ஒரு கணத்தின் தேவைக்கு விடை கூறுகின்றன. சின்ஹா அவற்றுக்குக் கால வரிசையைத் தருகிறார். நெறிப்படுத்தலையும் ஆதரவையும் ஒரே செயலில் இணைக்கலாம் என்றும் அவர் காட்டுகிறார்.

ஆனால் அவருடைய விளக்கத்தைக் காலிகோ ஆலைக்கு அருகில் வைத்துப் பார்த்தால் ஒரு கேள்வி எழுகிறது. 1953இல் மறுநாளே தம் குழுக்களைத் தாமே அமைத்துக்கொண்ட தொழிலாளரும் இந்தியரே. அவர்கள் பங்கேற்புக்குப் பக்குவப்படும்வரை காத்திருக்க வேண்டியிருக்கவில்லை. அவர்களுக்குத் தெரிந்த ஒரு பொருளைப் பற்றி, அவர்களால் தீர்மானிக்கக்கூடிய ஒரு வினா முன்வைக்கப்பட்டது. சார்ந்திருத்தல் பண்பாட்டின் நிலையான கூறா, அல்லது தம்மால் எதையும் மாற்ற முடியாத பணியமைப்பில் நெடுங்காலம் இருந்ததன் விளைவா என்பதை வினாத்தாள் மட்டும் பிரித்துக்காட்டாது. ‘இவர்கள் ஆணைக்கே பழகியவர்கள்’ என்று தீர்ப்பளித்து நெறிப்படுத்தும் பாணியைத் தேர்ந்தெடுக்கும் தலைவர், பாதையைப் பார்க்காமலே பயணியின் கால்களைக் குறைகூறுகிறார். தறிக்கூடத்தில் 29 பேரின் கால்களும் நன்றாகவே இருந்தன. எட்டில் மூன்று பங்கு ஆள்தான் போதவில்லை.